ஒரு மணி நேரப் பேச்சு வேண்டாம், ஒரு தாளைக் கேளுங்கள்

செஞ்சியிலிருந்து எழுதிய தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பி.காம். முடித்துவிட்டீர்கள், தட்டச்சு தெரியும், வேலைக்கு என்ன வழி என்று தெரியவில்லை, அதனால் ஒரு மணி நேரம் போனில் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தை நான் தரப்போவதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். இப்படிக் கேட்பவர்கள் பலர். முகம் தெரியாத ஒருவரிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினால் பாதி நேரம் நலம் விசாரிப்பதில் போய்விடும், மீதி அன்றே மறந்துவிடும். எழுதி அனுப்பினால் நீங்கள் வீட்டில் அப்பா, அம்மாவிடம் காட்டலாம், நான் சொன்னது சரிதானா என்று வேறொருவரைக் கேட்டும் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் அவசரமான செய்தி மூன்றாவது பத்தியில் ஒளிந்திருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு ஏஜென்ட் இருக்கிறார், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 ரூபாய் சம்பளம், ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்ட வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் அனுப்பிவிடுவார், நெல் விற்ற பணம் வந்ததும் அப்பா தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதற்கு என் பதில் சின்னது: பணம் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்கான காரணம்.

2022 செப்டம்பரில் தமிழக முதல்வர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், சுமார் 50 தமிழர்கள் உட்பட ஏறத்தாழ 300 இந்தியர்கள் மியன்மாரில் சிக்கியிருப்பதாகச் சொன்னார். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பி விமானம் ஏறியவர்கள் அவர்கள். பாங்காக்கில் இறங்கியதும் அவர்களைச் சாலை வழியே மேற்கு எல்லைக்குக் கொண்டுபோய், ஆற்றைக் கடக்க வைத்து, மியாவடி என்ற ஊரில் விட்டார்கள். அங்கே மதில் சூழ்ந்த வளாகங்களில், இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் பழகிப் பணம் பறிப்பதுதான் வேலை. முடியாது என்றவர்களுக்கு அடியும் அபராதமும். அதே மாதம் 24ஆம் தேதி வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது: தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ என்ற பெயரில் வரும் வேலைகள் ஏமாற்று, படித்த, ஐ.டி. தெரிந்த இளைஞர்களைத்தான் குறிவைக்கிறார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து நூற்றுக்கணக்கான இந்தியர்களை மீட்டு வந்தன. முதல் விமானத்தில் மட்டும் 283 பேர். இரண்டரை ஆண்டுக்குப் பிறகும் அதே எல்லை, அதே வலை.

மீட்க ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பீர்கள். மியாவடிப் பகுதியில் ஆயுதக் குழுக்களின் கைதான் ஓங்கியிருக்கிறது, மியன்மார் அரசின் சொல் அங்கே முழுதாகச் செல்லாது. அதனால் நம் தூதரகம் ஒரு காவல் நிலையத்தைக் கூப்பிட்டு ஆளை மீட்டுவிட முடியாது. போதாக்குறைக்கு, விசா இல்லாமல் எல்லை தாண்டியவர் என்ற குற்றமும் மாட்டிக்கொண்டவர் தலையிலேயே விழுகிறது. அங்கே போனபின் கிடைக்கும் உதவி தாமதமானது, அரைகுறையானது. காப்பு எல்லாம் செஞ்சி பஸ் நிலையத்திலிருந்து கிளம்புமுன் செய்துகொள்வதுதான்.

இனி உங்களுக்கான தனி ஆபத்து. பத்தாம் வகுப்பு தேறாத ஒருவர் வளைகுடா நாட்டுக்கோ தாய்லாந்துக்கோ வேலைக்குப் போனால் அவர் பாஸ்போர்ட்டில் ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்ற குறி இருக்கும். குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகம் அவருடைய ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி கொடுத்தால்தான் வேலைக்குப் போக முடியும். 18 நாடுகளுக்கு இந்த விதி உண்டு, தாய்லாந்தும் அதில் இருக்கிறது. ஆனால் பத்தாவது தேறினாலே அந்த அனுமதி தேவையில்லை. நீங்கள் பட்டதாரி. விமான நிலையத்தில் உங்கள் ஒப்பந்தத்தை யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் படித்தவர் தானே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நினைக்கிறது. கொத்தனாருக்கு இருக்கும் ஒரு காவல் பி.காம். படித்தவருக்கு இல்லை. ஏஜென்ட்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே அந்தப் பாதுகாவலர் அலுவலகம் செய்யும் சோதனையை நீங்களே செய்ய வேண்டும். பெரிய வேலை இல்லை. 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவுச் சான்று பெறாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்றவருக்கு ஓர் உரிம எண் இருக்கும், அதை அலுவலகத்திலும் விளம்பரத்திலும் போட்டிருக்க வேண்டும். உங்கள் ஏஜென்டிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, அதில் தேடுங்கள். எண் இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். வழக்கமான தந்திரம், சென்னையிலுள்ள நல்ல நிறுவனம் ஒன்றின் எண்ணை எடுத்துத் தன் அட்டையில் போட்டுக்கொள்வது. தளத்தில் அந்த நிறுவனத்துக்கு எந்தத் தொலைபேசி இருக்கிறதோ அதற்கே கூப்பிட்டு, “திண்டிவனத்தில் உங்கள் ஆள் இருக்கிறாரா, தாய்லாந்து வேலை இருக்கிறதா?” என்று கேளுங்கள். ஏஜென்ட் கொடுத்த எண்ணில் கேட்டால் அவருடைய மைத்துனர் எடுப்பார். “நாங்கள் சப் ஏஜென்ட், எங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம்” என்பது அடிக்கடி வரும் பதில். அந்த ஒரு சொல்லோடு எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது பணம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. ரசீது கொடுத்தாக வேண்டும். உங்களிடம் கேட்பது 1,20,000. மிச்சம் 84,600 எதற்கு? டிக்கெட், விசா என்று பெயர் சொல்வார்கள். சொல்லட்டும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கணக்கு இல்லாத பணத்தை வாங்குபவர் பேனாவை எடுக்க மாட்டார்.

விசாவிலும் ஒரு கேள்வி இருக்கிறது. தாய்லாந்தில் வேலை செய்ய, கிளம்புமுன்பே அந்நாட்டுத் தூதரகத்திடம் வேலைக்கான ‘நான்-இமிகிரன்ட் பி’ விசா வாங்க வேண்டும். அங்கே போனபின் நிறுவனம் உங்கள் பெயரில் வேலை அனுமதி வாங்க வேண்டும். சுற்றுலாப் பயணியாக நுழைந்து வேலை பார்ப்பது சட்டவிரோதம். “டூரிஸ்டாப் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்று யார் சொன்னாலும் அவர் உங்களை வேலைக்கு அழைத்துப் போகவில்லை. ரிட்டர்ன் டிக்கெட் கொடுக்கிறார்களே என்று ஏமாறவும் வேண்டாம். லாவோஸ் மோசடிகளைப் பற்றி அங்குள்ள இந்தியத் தூதரகம் எச்சரித்தபோது சொன்ன அடையாளங்களே எளிய நேர்காணல், தட்டச்சுத் தேர்வு, கூடுதல் சம்பளம், ஹோட்டல், திரும்பி வர டிக்கெட். உங்களுக்கு நடந்த நேர்காணலில் தட்டச்சு வேகம் மட்டும் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்பதாயிரம் கொடுப்பவன் ஒரு கணக்குக் கேள்விகூடக் கேட்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

கவனித்திருப்பீர்கள், இதுவரை சொன்ன எல்லாமே ஏதோ ஒரு தாளைக் கேட்பதுதான்: உரிம எண், ரசீது, விசா. இந்த மோசடி பேச்சில்தான் உயிர்வாழ்கிறது. ஏஜென்ட் மணிக்கணக்கில் பேசுவார், அன்பாகப் பேசுவார், ‘தம்பி’ என்பார், அப்பாவிடமும் பேசுவார். எழுதித் தரச் சொன்னால் மட்டும் “நம்பிக்கை இல்லையா?” என்று முகம் மாறும்.

ஒருவேளை இந்தக் கடிதம் வருமுன்பே முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜி-பே மாதிரி வழியில் அனுப்பியிருந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க முடிந்தால்தான் பயன், அதனால் நாள் கணக்கில் யோசிக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் செஞ்சி காவல் நிலையத்திலோ விழுப்புரம் எஸ்.பி. அலுவலகத்திலோ மனு கொடுங்கள். தேதி, தொகை, யார் முன்னிலையில் கொடுத்தீர்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதி, மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்தால் அதே மனுவை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவில் வரும், ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அதோடு சென்னையிலுள்ள குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும், உரிமமில்லாமல் ஆள் எடுப்பது தனிக் குற்றம்.

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டிருந்தால் திருப்பிக் கேளுங்கள். “பணம் பாக்கி இருக்கிறது, கட்டிவிட்டு வாங்கிக்கொள்” என்று பிடித்து வைக்க அவருக்கு உரிமை கிடையாது. பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி அது மத்திய அரசின் சொத்து. உங்கள் வீட்டுக் கடனுக்கு அதை அடகாக எடுக்க யாராலும் முடியாது. இதையும் மனுவில் எழுதுங்கள்.

உங்கள் கூட்டாளி ஒருவன் ஏற்கெனவே போயிருக்கிறான், போனில் சரியாகப் பேசுவதில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவன் குடும்பத்தாரிடம் இன்றே சொல்லுங்கள். தமிழக அரசின் அயலகத் தமிழர் உதவி மையத்துக்கு 1800 309 3793 என்ற இலவச எண் இருக்கிறது. மத்திய அரசின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவுக்கு 1800 11 3090. பாஸ்போர்ட் நகல், கடைசியாகப் பேசிய தேதி, அவன் அனுப்பிய இடக்குறிப்பு இருந்தால் அது, அனுப்பிய ஏஜென்டின் எண், இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடச் சொல்லுங்கள். இடக்குறிப்பு இல்லாமல் தேடுவது மிகக் கடினம். அவனோடு பேசும்போது அவன் போனில் பிறர் காது இருக்கலாம், அதனால் புகார் கொடுத்ததைப் போனில் சொல்ல வேண்டாம்.

வெளிநாடு போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆள் எடுத்து அனுப்பும் அரசு நிறுவனமே நம்மிடம் இருக்கிறது, சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978இல் தொடங்கியது, உரிமம் பெற்றது. அங்கே டேட்டா என்ட்ரிக்கு எண்பதாயிரம் கிடைக்காது. அங்கு வரும் அறிவிப்புகளில் செவிலியர், ஓட்டுநர், எலக்ட்ரீசியன் மாதிரி தொழில் தெரிந்தவர்களுக்கான வேலைகள்தான் கூடுதலாக இருக்கும். எந்த வேலைக்கு வெளிநாட்டில் உண்மையில் ஆள் தேவைப்படுகிறது என்பதை அந்தப் பட்டியல் காட்டிவிடும்.

கடைசியாக, டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பதா, தனியார் வேலைக்குப் போவதா என்ற கேள்வி. அதற்கு விழுப்புரத்தில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. ஆலோசனை இலவசம். போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பு எப்போது தொடங்குகிறது, அடுத்த தனியார் வேலைவாய்ப்பு முகாம் எப்போது என்று அங்கே கேட்கலாம். செஞ்சியிலிருந்து நேர் பஸ்ஸில் போய்விடலாம். பதிவு அட்டையும் மதிப்பெண் சான்றிதழ் நகலும் எடுத்துப் போங்கள். அசலை யார் கேட்டாலும், அரசு அலுவலகமே ஆனாலும், பார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தரச் சொல்லுங்கள்.

அந்த ஏஜென்ட் எதையாவது எழுத்தில் கொடுத்தால் படம் எடுத்து அனுப்புங்கள், படித்துப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.