நெல்லா, மணிலாவா? எந்த மண்ணில் எது?

புதுச்சேரி தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல்லும் வருகிறது, மணிலாவும் வருகிறது. இவ்விரண்டில் எதை எந்த நிலத்தில் போடுவது என்று தயங்கும் உழவருக்குப் பொருளியலில் ஒரு கணக்கு உண்டு. கையிலுள்ள நிலம், நீர், ஆள் அனைத்தையும் சரிவரப் பயன்படுத்தினால் இரு பொருள்களை அதிக அளவாக எப்படியெல்லாம் சேர்த்து எடுக்கலாம் என்று காட்டும் கோடு அது. ‘உற்பத்தி வாய்ப்பு வளைகோடு’ என்பது அதன் பெயர்.

எடுத்துக்காட்டாக, ஒருவரிடம் களிமண், இருமண்பாடு, மணற்பாங்கான செம்மண் என மூன்று ஏக்கர் இருப்பதாகக் கொள்வோம். மார்கழியில் நெல் போட்டால் முறையே 30, 25, 15 மூட்டை கிடைக்கும். மணிலா போட்டால் 4, 12, 20 மூட்டை.

மூன்றிலும் நெல் என்றால் 70 மூட்டை. செம்மண்ணை மட்டும் மணிலாவுக்கு மாற்றினால் நெல் 55, மணிலா 20. இருமண்பாட்டையும் மாற்றினால் நெல் 30, மணிலா 32. களிமண்ணையும் மாற்றினால் நெல் இல்லை, மணிலா 36. இந்த நான்கும் கோட்டின் மேலுள்ள புள்ளிகள். முதல் 20 மூட்டை மணிலாவுக்கு இழந்தது 15 மூட்டை நெல்தான். கடைசி 4 மூட்டைக்கோ 30 மூட்டை நெல் போகிறது. கோடு வெளிப்புறமாக வளைவது இதனால்தான்.

இனி களிமண்ணில் மணிலாவும் மற்ற இரண்டில் நெல்லும் போட்டவரைப் பாருங்கள். அவருக்கு நெல் 40, மணிலா 4. நிலம் தரிசாகக் கிடக்கவில்லை, உழைப்பிலும் குறையில்லை. ஆயினும் அவர் கோட்டிற்கு உள்ளே நிற்கிறார். களிமண் இறுகினால் விழுது இறங்காது. பிடுங்கும்போது காய் மண்ணிலேயே தங்கிவிடும். பயிரை இடம் மாற்றிப் போட்டிருந்தால் இரண்டுமே கூடியிருக்கும். தரிசும், காலம் தவறிய களையெடுப்பும் மட்டுமே உள்ளே தள்ளும் என்று நினைப்பது சரியல்ல.

கோட்டின் மேல் எந்தப் புள்ளி நல்லது? அதைக் கோடு சொல்லாது, விலைதான் சொல்லும். இருமண்பாட்டில் 25 மூட்டை நெல்லுக்குப் பதில் 12 மூட்டை மணிலா. சாகுபடிச் செலவு சமமானால், மணிலா மூட்டையின் விலை நெல் மூட்டையின் விலையைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தால்தான் மாற்றுவது லாபம்.

நெல் 60, மணிலா 30 என்பது கோட்டிற்கு வெளியே உள்ள புள்ளி. இருக்கும் வசதியில் இந்தப் பட்டத்தில் எவ்வளவு பாடுபட்டாலும் அது கிட்டாது. கோடே நகர வேண்டும். 1966-இல் ஐ.ஆர்.8 நெல் வந்தபோது, நீரும் உரமும் கிடைத்த வயல்களில் அப்படி நகர்ந்தது. உள்நோக்கியும் நகரும். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறினால், சென்ற ஆண்டு எட்டிய 55-ம் 20-ம் இவ்வாண்டு எட்டாமல் போகலாம். ஆகவே பழைய கணக்கை நம்பி விதைக்குமுன் கிணற்று நீரைப் பரிசோதித்துக் கொள்வது நல்லது.