முள் அசையாத இடத்தில் ஓர் அளவு

செம்புக் கம்பி சுற்றிய ஒரு சுருளின் மின்தடை என்ன என்று பார்க்க வேண்டும். முதலில் தோன்றும் வழி, வோல்ட்மீட்டரால் மின்னழுத்தத்தையும் அம்மீட்டரால் மின்னோட்டத்தையும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுப்பது. ஆனால் வோல்ட்மீட்டர் தானும் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். அம்மீட்டரோ தனக்குள் கொஞ்சம் மின்னழுத்தத்தைச் செலவழிக்கும். எந்த மாதிரி இணைத்தாலும் இந்த இரண்டில் ஒரு பிழை உள்ளே வந்துவிடும். போதாக்குறைக்கு, இரண்டு மீட்டர்களின் அளவுகோல்களும் சரியாக இருக்க வேண்டும்.

இந்தத் தொல்லையைச் சுற்றிப் போக ஒரு வழி உண்டு. மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்து சென்று மறுமுனையில் சேர்கின்றன. முதல் பாதையில் P, Q என்று இரண்டு மின்தடைகள். இரண்டாவது பாதையில் R, X. இவற்றில் X மட்டும் நமக்குத் தெரியாதது. ஒவ்வொரு பாதையிலும் இரண்டு மின்தடைகள் சந்திக்கும் நடுப்புள்ளி ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு நடுப்புள்ளிகளுக்கும் குறுக்கே கால்வனோமீட்டர். இரு புள்ளிகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் குறுக்கே மின்னோட்டம் போகாது, முள் அசையாது. அப்போது P/Q = R/X. மூன்று தெரிந்தால் நான்காவது கிடைத்துவிடும்.

இந்த அமைப்பை 1833இல் முதலில் விவரித்தவர் ஆங்கிலேயரான சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. பத்து ஆண்டுகள் கழித்து, 1843இல், லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் வீட்ஸ்டோன் இதை மின்தடை அளக்கும் முறையாக விரித்து எழுதினார். கிறிஸ்டிதான் முன்னோடி என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் வரை நிலைத்தது வீட்ஸ்டோன் பெயர்தான்.

செம்புச் சுருளுக்கே வருவோம். பிரிட்டிஷ் தந்தித் துறையில் புழங்கிய போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ் பல பழைய கல்லூரி ஆய்வகங்களில் உண்டு. மர டப்பா, மேலே பித்தளைக் கட்டைகள், அவற்றுக்கிடையே செருகிகள். ஒரு செருகியைப் பிடுங்கினால் அதற்கு அடியில் உள்ள மின்தடை சுற்றுக்குள் வந்து சேரும். P, Q இரண்டையும் 10, 100, 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். R-ஐ ஒவ்வொரு ஓமாக மாற்றலாம்.

இணைப்பு முடிந்ததும் முதலில் இணைப்பையே சோதிக்க வேண்டும். R-ஐச் சுழியாக்கினால் முள் ஒரு பக்கம் சாயும். முடிவிலி என்று குறித்த செருகியைப் பிடுங்கி R பாதையை அறுத்தால் மறுபக்கம் சாயும். இரண்டு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தால் எங்கோ கம்பி தவறாக இணைந்திருக்கிறது, அல்லது விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் தொடர்வது வீண்வேலை.

P = 10, Q = 10, மின்கலம் 1.5 வோல்ட். R = 4 வைத்தால் முள் இடப்பக்கம் ஓடுகிறது, R = 5 வைத்தால் வலப்பக்கம். ஆகவே X, 4க்கும் 5க்கும் நடுவே. உள்ளே நடப்பது இதுதான்: P, Q சமம் என்பதால் முதல் பாதையின் நடுப்புள்ளி வரை 0.75 வோல்ட் குறைகிறது. இரண்டாவது பாதையில் R = 4 என்றால் சுமார் 0.70, R = 5 என்றால் சுமார் 0.78. மின்கலம் தளர்ந்து 1.2 வோல்ட்டுக்கு இறங்கினாலும் இவை எல்லாம் ஒரே விகிதத்தில்தான் குறையும். சமநிலை இடம் மாறாது. கால்வனோமீட்டரின் பிரிவுகள் ஒழுங்காக இல்லாவிட்டாலும் பாதகமில்லை. தராசு முள்ளைப் போல அது நடுவில் நிற்கிறதா இல்லையா என்று சொன்னால் போதும். சரியாக இருக்க வேண்டியவை எடைக்கற்கள், அதாவது P, Q, R.

அடுத்து P-ஐ 100 ஆக்குகிறோம். இப்போது X, R-இல் பத்தில் ஒரு பங்கு. 46க்கு இடம், 47க்கு வலம், X, 4.6க்கும் 4.7க்கும் நடுவே. P-ஐ 1000 ஆக்கினால் X, R-இல் நூறில் ஒரு பங்கு. 463க்கும் 464க்கும் நடுவே முள் பக்கம் மாறும் என்று எதிர்பார்ப்போம்.

ஆய்வகத்துச் சாதாரண முள் கால்வனோமீட்டரில் அப்படி நடக்காது. 440 வைத்தாலும் அசையாது, 490 வைத்தாலும் அசையாது. மாணவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். P-யும் R-உம் பெரிதாகிவிட்டதால் பெரும்பாலான மின்னழுத்தம் அவற்றிலேயே செலவாகிறது. R-ஐ ஒரு ஓம் மாற்றினால் நடுப்புள்ளிகளுக்கிடையே வரும் வேறுபாடு ஒரு வோல்ட்டில் இலட்சத்தில் மூன்று பங்குதான். முள்ளை நகர்த்த அது போதாது. முள் அசையவில்லை என்றால் மின்னோட்டமே இல்லை என்று பொருளல்ல. அந்த முள்ளுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை என்றுதான் பொருள். இதை நினைவில் வைக்காதவர்கள் முதலில் அசையாமல் நின்ற எண்ணையே விடையாக எழுதிவிடுகிறார்கள்.

இதற்கு எளிய மருந்து, முள் எங்கே இடப்பக்கம் அசையத் தொடங்குகிறது, எங்கே வலப்பக்கம் என்று இரு எல்லைகளையும் பார்ப்பது. உதாரணமாக 435, 493 என்று வந்தால் நடு எண் 464, X = 4.64 ஓம். நல்ல மருந்து, ஒளிப்புள்ளியைக் காட்டும் கண்ணாடிக் கால்வனோமீட்டர். அதில் 463க்கு ஒரு பக்கம் ஆறு பிரிவும் 464க்கு மறுபக்கம் நான்கு பிரிவும் ஒதுங்கினால், சமநிலை 463.6 என்று கணக்கிட்டு 4.636 என்றே எழுதலாம். மின்கலத்தைப் பெரிதாக்கியும் உணர்திறனைக் கூட்டலாம், ஆனால் அதில் ஆபத்து இருக்கிறது. மின்னோட்டம் கூடினால் சுருள் சூடாகும். செம்பு ஒரு டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் உயரும். நம் சுருளில் அது கிட்டத்தட்ட 0.02 ஓம், நாம் தேடும் கடைசி இலக்கத்தைவிடப் பெரிது. சாவியை அழுத்திப் பிடித்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல நகர்ந்தால் இதுதான் காரணமாக இருக்கும். தொட்டு உடனே விட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் மின்தடைகளைச் செம்பில் செய்யாமல், வெப்பத்துக்கு அதிகம் மாறாத மாங்கனின் கம்பியில் செய்வதும் இதனால்தான்.

சாவிகளை அழுத்துவதிலும் வரிசை உண்டு. மின்கலச் சாவி முதலில், கால்வனோமீட்டர் சாவி பிறகு, விடும்போது தலைகீழாக. சுருளில் மின்னோட்டம் ஏறும்போதும் இறங்கும்போதும் தன் தூண்டலால் ஒரு கணம் மின்னழுத்தம் எழும். வரிசை மாறினால், சமநிலையில் இருக்கும் சுற்றிலும் முள் ஒரு உதறு உதறும்.

இனி, 4.64 ஓம் முழுவதும் சுருளுடையதா என்று கேட்க வேண்டும். பெட்டியையும் சுருளையும் இணைத்த இரண்டு கம்பிகளும் அதற்குள் அடக்கம். சுருளைக் கழற்றிவிட்டு, அந்தக் கம்பிகளின் நுனிகளை ஒன்றோடொன்று இறுக்கி, 1000க்கு 10 விகிதத்திலேயே மறுபடி அளக்க வேண்டும். R = 4இல் சமநிலை வந்தால் கம்பிகளின் பங்கு 0.04. சுருளின் மின்தடை 4.60 ஓம். செருகிகளையும் திருகி இறுக்கியிருக்க வேண்டும். அழுக்குப் பிடித்த செருகி ஒன்று கணக்கில் வராத மின்தடையைத் தானே சேர்த்துவிடும்.

அளக்கப்படும் பொருள் 0.01 ஓம் என்றால் இந்தக் கழித்தல் கைகொடுக்காது. கம்பியும் தொடுமுனையும் பொருளைவிடப் பெரிய மின்தடையாகிவிடும், அதுவும் ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் மாறும். கெல்வின் பிரபு அமைத்த இரட்டைச் சமனச்சுற்று அதற்கானது. அதில் மின்னோட்டம் நுழைய இரண்டு முனைகள், மின்னழுத்தம் எடுக்க வேறு இரண்டு முனைகள் என்று பொருளின் மீது நான்கு தொடுப்புகள் இருக்கும்.