நள்ளிரவில் வருகிறவருக்கு ஒரு கையேடு

சென்னை கிரீம்ஸ் சாலையைச் சுற்றி நாள் வாடகைக்கு விடும் பிளாட்டுகள் நிறைய. சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களின் குடும்பங்கள்தான் அங்கே அதிகம் தங்குகின்றன. விமானம் நள்ளிரவில் இறங்கும். அந்த நேரத்தில் சாவி கொடுக்க ஆள் நிறுத்துவது கட்டுப்படியாகாது. ஆகவே பூட்டு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, உள்ளே மேசைமேல் ஒரு கையேட்டை வைத்துவிடுகிறார்கள்.

பல வீட்டுக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கி நாலு பக்க பி.டி.எஃப். அனுப்புகிறார்கள். சார்ஜ் தீரப்போகும் போனோடு கேட்டில் நிற்பவருக்கு வாஷிங் மெஷின் விவரம் எதற்கு? வாட்ஸ்அப் செய்தி கதவு திறப்பதோடு முடிந்துவிட வேண்டும். இப்படி:

“கேட்டில் 3சி என்று சொல்லுங்கள், உங்கள் பெயர் கொடுத்திருக்கிறோம். மூன்றாவது மாடி. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் இரண்டாவது கதவு. பூட்டின் கறுப்புப் பரப்பில் உள்ளங்கையை வையுங்கள், எண்கள் ஒளிரும். 482916 அழுத்தி, கடைசியில் # அழுத்துங்கள். சத்தம் கேட்டதும் கைப்பிடியைக் கீழே இறக்குங்கள்.”

அந்த # குறியைச் சொல்லாமல் விடுவதால்தான் பாதிப் பேர் வாசலில் தவிக்கிறார்கள். எண் சரியாகத்தான் இருக்கும், பூட்டு திறக்காது. தப்பு எண்ணோ என்று வேறு எண்களைப் போட்டுப் பார்ப்பார்கள். சில முறை தவறினால் பூட்டு சில நிமிடம் எதையும் ஏற்காது. அந்த நேரம் காத்திருந்தால் போதும் என்பதையும் செய்தியில் ஒரு வரி எழுதிவிடலாம்.

அடுத்த தொல்லை பேட்டரி. இவ்வகைப் பூட்டுகள் பெரும்பாலும் நான்கு ஏஏ பேட்டரியில் ஓடுகின்றன. சார்ஜ் குறையும்போது சிவப்பு விளக்கோ பீப் சத்தமோ வரும். விருந்தாளி அதைப் பொருட்படுத்த மாட்டார், சொல்லவும் மாட்டார். சுத்தம் செய்ய வரும் அக்காவிடம்தான் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். நீடித்து உழைக்கும் என்று லித்தியம் பேட்டரி போடக் கூடாது. அதன் மின்னழுத்தம் கடைசிவரை இறங்காமல் நின்று திடீரென்று விழும்; பூட்டு எச்சரிக்க அவகாசமே இருக்காது. சாதாரண அல்கலைன்தான் சரி. முற்றிலும் செத்துப்போனாலும் வழி உண்டு. பல பூட்டுகளின் வெளிப்பக்க அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் பேட்டரியை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டே எண்ணைப் போட்டால் திறக்கும். புது மாடல்களில் அந்த இடத்தில் யூஎஸ்பி துளை இருக்கும், பவர் பேங்க் போதும். 9 வோல்ட் பேட்டரி ஒன்றை செக்யூரிட்டியிடம் கொடுத்து வைப்பது நல்லது. வீட்டுக்குள்ளே வைத்து என்ன பயன்?

இன்னொன்று: தங்குபவர் வெளிநாட்டவர் என்றால் அவர் வந்து 24 மணி நேரத்துக்குள் ஃபார்ம் III பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களை வாங்கிக்கொண்ட பிறகே எண்ணை அனுப்புங்கள். எண் கைக்குப் போனபின் யாரும் அவசரமாகப் பதில் போடுவதில்லை.

இனி மேசைமேல் இருக்கும் கையேடு. முதல் பக்கத்தில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும், பக்கத்திலேயே க்யூஆர் கட்டமும். பாஸ்வேர்டில் பூஜ்யமும் ஓ எழுத்தும் கலந்து வராமல் பார்த்துக்கொண்டால் பாதி அழைப்புகள் குறையும். ரவுட்டரில் LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் சிக்னல் வரவில்லை என்று பொருள். கேபிள் கழன்றிருக்கலாம், வெளியே அறுந்திருக்கலாம். அணைத்துப் போடுவதால் பலன் இல்லை, வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சாதனங்களில் எல்லாவற்றையும் விளக்க வேண்டாம். விருந்தாளி தடுமாறும் இடங்கள் போதும். கீசர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருந்தால் எங்கே என்று சொல்ல வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுவது விளக்கும் ஃபேனும்தான், ஏசி ஓடாது என்று முன்பே எழுதிவிட்டால் இரவு ஒரு மணிக்கு போன் வராது. நோயாளிக்குக் கஞ்சி வைக்க வருகிறவர் அலுமினியப் பாத்திரத்தோடு வருவார். சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பு அதை ஏற்காமல் எரர் காட்டும். எந்தப் பாத்திரம் வேலை செய்யுமோ அதை அடுப்பின் மேலேயே வைத்துவிட்டால் எழுத வேண்டிய தேவையும் இல்லை.

காலி செய்யும் நாளுக்கு நாலு வரி போதும்: ஏசி, கீசர் அணைக்கவும், வாஷிங் மெஷின் குழாயை மூடவும், குப்பையைக் கீழே போடவும், கிளம்பியதும் ஒரு செய்தி அனுப்பவும். நேரம் காலை 11 என்றால் பூட்டு எண்ணையும் 11-க்கே காலாவதியாக்குவது வழக்கம். 10.45-க்கு டிபன் சாப்பிடக் கீழே இறங்குகிறவர் பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். 11.10-க்குத் திரும்பி வந்தால் எண் செல்லாது. பெட்டி, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் உள்ளே. கையேட்டில் 11 என்றே இருக்கட்டும், பூட்டில் 12 வரை விட்டுவைக்கலாம்.