ஞாயிறு மதியம் பிரிட்ஜ் நிற்காமலிருக்க

ஹோட்டல் பிரிட்ஜ் பெரும்பாலும் ஞாயிறு மதியம்தான் நிற்கும். கூட்டம் அதிகம், கதவு மூடாமல் திறக்கிறது, அடுப்பறை வெக்கை வேறு. ஆனால் பழுது அன்று பிறந்ததில்லை. பல வாரங்களாக வளர்ந்து வந்தது.

பிரிட்ஜின் பின்னாலோ அடியிலோ கண்டென்சர் காயில் இருக்கிறது. உள்ளே இழுத்த சூட்டை வெளியே விடுவது அதுதான். வீட்டு பிரிட்ஜில் அதில் தூசி மட்டும் படியும். ஹோட்டலில் எண்ணெய்ப் புகையும் மாவுத்தூளும் சேர்ந்து பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். அளவுக்கு மீறிச் சூடானதும் தானாக நின்றுவிடும். ஆறியபின் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இதைப் பார்த்ததும் "கேஸ் குறைஞ்சிடுச்சு" என்று கேஸ் ஏற்றச் சொல்பவர்கள் உண்டு. காயிலைத் துடைக்காமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது காலை முதல் வேலையாகக் கதவைத் திறக்கும்போது தெரியும் வெப்பநிலை. மதிய அளவை நம்ப முடியாது. கதவு திறந்து மூடியதில் அது ஏறியிருக்கும். இரவு முழுக்க மூடியிருந்த பிரிட்ஜ் காலையில் 3 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில வாரத்தில் அது 4, பிறகு 5 என்று ஏறினால் காயில் அடைபடுகிறது, அல்லது கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். பிடித்து நின்றால் காயிலைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தகடுகள் மடங்காதபடி மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் பிரிட்ஜுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

டீப் ஃப்ரீசர் மைனஸ் 18-இல் நிற்க வேண்டும். சுவரில் பனி அரை விரல் கனத்துக்கு ஏறும்முன் அணைத்துக் கரையவிடுங்கள். கத்தியால் கொத்தினால் குழாய் ஓட்டையாகிவிடும்.

பர்னர் தன் குறையைத் தீயின் நிறத்திலேயே காட்டும். நீலம் போய் மஞ்சள் வந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை. தோசைக்கல்லின் ஒரு பக்கம் மட்டும் வேகாவிட்டால், பொங்கிய சாம்பார் பர்னர் கண்களை அடைத்திருக்கும். தினமும் இரவு ஆறியபின் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து மாட்ட வேண்டும். ஜெட் துளையில் மட்டும் ஊசியை விட்டுக் குடையாதீர்கள். பித்தளைத் துளை பெரிதானால் கேஸ் அதிகம் வந்து தீ இன்னும் மஞ்சளாகும்.

இதற்கெல்லாம் சாப்பாடு முடிந்து டிபன் தொடங்கும் முன் உள்ள மூன்று மணி நேரம்தான் தோது. செவ்வாய், புதன் என்று ஏதாவதொரு நாளைக் குறித்து, கேஸ் ட்யூப் இணைப்புகளில் சோப்பு நுரையும் அன்றே தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் வால்வை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை அந்த அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.