அடுத்த டயாலிசிஸ் வரை

டயாலிசிஸ் பிரிவில் புதிதாகச் சேரும் நோயாளிக்குத் தொடக்கத்திலேயே ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதப்படுகிறது. இயந்திரத்தோடு இணைந்திருக்கும் 4 மணி நேரத்தைச் செவிலியரும் டெக்னீஷியனும் பார்த்துக்கொள்வார்கள். திட்டத்தின் பெரும்பகுதி, ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே வீட்டில் கழியும் நாட்களைப் பற்றியது.

அந்தத் தாளில் முதலில் எழுதப்படும் எண் 'டிரை வெயிட்'. உடம்பில் தேங்கிய நீர் முழுவதும் போன பிறகு, வீக்கமும் மூச்சுத்திணறலும் இல்லாமல், ரத்த அழுத்தம் ஓரளவு சீராக இருக்கும் நிலையில் உள்ள எடை இது. அடுத்த முறை வரும்போது இதைவிட எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை லிட்டர் நீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று நாளில் யாருக்கும் அவ்வளவு சதை போடாது.

ஒருவரின் டிரை வெயிட் 60 கிலோ, நாளைக்கு 400 மில்லி சிறுநீர் போகிறது, திங்களும் வியாழனும் அவருக்கு டயாலிசிஸ் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லியைக் கூட்டிக்கொள்வது பொதுவான வழக்கம். ஆக, இவருக்கு ஒரு நாளைக்கு 900 மில்லி. தண்ணீர், காபி, மோர், ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். காலையில் 900 மில்லியை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்து, காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவது நடைமுறையில் எளிதான வழி.

வியாழனிலிருந்து திங்கள் வரை 4 நாள் இடைவெளி. கட்டுப்பாட்டோடு இருந்தவர் 2.4 கிலோ கூடி வருகிறார். 4 மணி நேரத்தில் மணிக்கு 600 மில்லி வீதம் அதை எடுத்துவிடலாம், உடம்பு தாங்கும். இன்னொரு வாரம் கல்யாணப் பந்தியில் சாம்பார், ஊறுகாய், அப்பளம் என்று சாப்பிட்டுவிட்டு 4.2 கிலோ கூடி வருகிறார். இப்போது மணிக்கு 1,050 மில்லி எடுக்க வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லி என்பது பரவலாகச் சொல்லப்படும் உச்சவரம்பு. 60 கிலோ உள்ளவருக்கு அது 780 மில்லிதான். வரம்பை மீறி இழுத்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், கொட்டாவியும் குமட்டலும் வரும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அதனால் 3 லிட்டரோடு நிறுத்திவிட்டு, மிச்சத்துக்கு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

இதில் குற்றவாளி தண்ணீரைவிட உப்புதான். உடம்புக்குள் போகும் 9 கிராம் உப்பு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது வெளியேற வழி இல்லாதவரை தாகம் விடாது. ஊறுகாயைத் தொடவிட்டுத் தண்ணீரை மட்டும் தடுக்கும் குடும்பங்கள் நோயாளியை வீணாக வதைக்கின்றன. நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி உப்புக்குள் சமையல் அடங்கினால் 900 மில்லி அவ்வளவு கொடுமையாக இருக்காது. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்புகளில் பல பொட்டாசியம் கலந்தவை. அவை கூடவே கூடாது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் உப்புதான், அதில் சலுகை ஏதுமில்லை.

அடுத்தது ரத்தம் எடுக்கும் வழி. அவசரமாகத் தொடங்கியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கழுத்தில் கதீட்டர் போடப்படும். அது இருக்கும்வரை தலைக்குக் குளிக்கக் கூடாது. கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். டயாலிசிஸ் தொடங்கிச் சிறிது நேரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், கதீட்டரில் கிருமி புகுந்ததாகவே முதலில் கருத வேண்டும். வீட்டிலிருந்த பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு அடுத்த முறை வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

நிரந்தர வழி ஃபிஸ்டுலா. எழுதாத கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துச் செய்யப்படும் இது ஊசி குத்தத் தயாராகப் பொதுவாக 6 வாரமாவது ஆகும். அந்த இடத்தில் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். தினமும் காலையும் இரவும் அதைத் தொட்டுப் பார்ப்பது நோயாளியின் வேலை. அதிர்வு நின்றுபோனால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே போனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, நாள் கடந்தால் குறைந்துவிடும். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிய டயாலிசிஸுக்குப் பிறகு இப்படி நேர்வது உண்டு என்பதால், பந்திச் சாப்பாட்டின் விலை சில சமயம் கையில் தெரியும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ, ரத்தம் எடுக்கவோ, டிரிப் ஏற்றவோ விடக் கூடாது. வேறு மருத்துவமனைக்குப் போகும்போது இதை நோயாளியேதான் சொல்ல வேண்டும். இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் தவிர்க்க வேண்டியவை.

உணவில் பலரையும் குழப்புவது புரதம். டயாலிசிஸுக்கு முன்பு குறைக்கச் சொன்ன அதே மருத்துவர், இப்போது கூட்டச் சொல்வார். ஒவ்வொரு முறையும் ரத்தத்திலிருந்து புரதத்தின் கூறுகள் கழிவோடு கொஞ்சம் வெளியேறுவதே காரணம். 60 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம் வரை தேவை. முட்டையின் வெள்ளைக்கரு, மீன், கோழி இதற்கு நல்லவை. பழைய பயத்தில் பத்தியம் இருப்பவரின் சதை கரையும், எடை மட்டும் நீரால் அப்படியே நிற்கும். டிரை வெயிட்டை மாதந்தோறும் திருத்துவது இதற்காகத்தான்.

பொட்டாசியம் நேராக இதயத் துடிப்பைத் தாக்கும். ஓர் இளநீரில் 600 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கக்கூடும். ஒரு நாளுக்கு அனுமதிக்கப்படுவது சுமார் 2,000. உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தோல் சீவி, மெலிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் கணிசமான பொட்டாசியம் போய்விடும். பாஸ்பரஸுக்குக் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் அதனால் பயனில்லை.

டயாலிசிஸைத் தவறவிடுவதற்கு விதி ஒன்றுதான்: அடுத்த முறை வரை காத்திருக்காமல் உடனே பிரிவுக்குப் போன் செய்து, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் மாற்று நேரம் வாங்க வேண்டும். வியாழனை விட்டுவிட்டுத் திங்களன்று வருபவருக்கு இடைவெளி 7 நாளாகிவிடும். மாற்று நேரம் கிடைக்கும்வரை நீரை இன்னும் குறைத்து, பழமும் கீரையும் நிறுத்த வேண்டும். மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, கைகால் தளர்ந்தாலோ, நாடி மெதுவானாலோ நேரே அவசரப் பிரிவுதான். சீக்கிரம் இறங்கிவிடுவதும் தவறவிடுவதே. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் குறைத்தால், மாதம் 8 முறையில் 4 மணி நேரம், அதாவது ஒரு முழு டயாலிசிஸ் போய்விடுகிறது. வெளியூர்க் கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ போவதானால் ஒரிரு வாரம் முன்பே சொல்லி, அந்த ஊரில் இடம் கேட்டு வைக்க வேண்டும். கடைசி டயாலிசிஸ் குறிப்பும், மஞ்சள் காமாலை வைரஸ்கள், எச்.ஐ.வி. சோதனை முடிவுகளும் கையில் இல்லாதவரைப் பெரும்பாலான பிரிவுகள் இயந்திரத்தில் ஏற்றாது.