சில்லறைக் கணக்கும் கிட்டாத தொகையும்

நம் நாட்டில் 3 பைசா, 5 பைசா நாணயங்கள் முன்பு புழக்கத்தில் இருந்தன. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு அவை செல்லாமற்போயின. ஆயினும் ஒரு நல்ல கணக்கிற்கு அவை இன்றும் உதவும். இவ்விரு வகை நாணயங்கள் மட்டும் வேண்டிய அளவு நம்மிடம் இருந்தால், 9 பைசாவை மிகக் குறைந்த நாணயங்களில் எப்படிக் கொடுப்பது?

பெரிய நாணயத்தை முதலில் எடுப்பதே நம் வழக்கம். 5 பைசாவும் 3 பைசாவும் எடுத்தால் 1 பைசா மிஞ்சுகிறது, வழி அடைபட்டுவிடுகிறது. ஆனால் மூன்று 3 பைசாக்கள் சரியாக 9 ஆகின்றன. ஆகவே வேறு முறை தேவை. கணிப்பொறித் துறையில் அதனை டைனமிக் புரோகிராமிங் என்பர். n பைசாவுக்குத் தேவையான குறைந்த நாணயங்களை f(n) எனக் கொள்வோம்.

```
f(0) = 0
f(n) = 1 + min( f(n-3), f(n-5) )
```

இது ஏன் சரி? கடைசியாக வைத்த நாணயம் 3 அல்லது 5 ஆகத்தான் இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சும் தொகையும் குறைந்த நாணயங்களால் ஆனதாகவே இருக்கும். இல்லையெனில் அதை மாற்றி முழுத் தொகையையும் குறைத்திருக்கலாமே! கழித்தபின் தொகை பூஜ்யத்திற்குக் கீழே போனால் அந்த வழியை விட்டுவிட வேண்டும்.

1, 2, 4, 7 ஆகிய தொகைகள் கிட்டாதவை. அவற்றுக்கு முடிவிலி (∞) என்று எழுதுவோம். 3-க்கு 1, 5-க்கு 1, 6-க்கு 2, 8-க்கு 2. இனி 9: f(6) வழியே 1 + 2 = 3; f(4) வழியே முடிவிலி. எனவே விடை 3.

முடிவிலிக்குப் பதிலாக 0 எழுதினால் என்ன ஆகும்? f(1) = 0 என்பதால் f(4) = 1 + 0 = 1 என்று வரும். ஒரே நாணயத்தில் 4 பைசாவா? –1 எழுதினாலும் f(4) = 0 ஆகி, நாணயமே இல்லாமல் 4 பைசா கிடைத்ததாகிவிடும். 99 போன்ற பெரிய எண்ணை எழுதினால், f(4) = 1 + 99 = 100 ஆகும். அப்போது "விடை 99 தானா?" என்று மட்டும் பார்த்தால் 4 கிட்டும் தொகை போலத் தோன்றும். "99 அல்லது அதற்கு மேலா?" என்றே கேட்க வேண்டும். அந்தப் பெரிய எண்ணும் உண்மையான எந்த விடையையும்விடப் பெரியதாக இருக்க வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி, விடையிலிருந்து பின்னோக்கி நடப்பது. 9-லிருந்து 6, 6-லிருந்து 3, 3-லிருந்து 0 என மூன்று அடிகளில் பூஜ்யத்தை அடைகிறோம்; f(9) = 3 என்பதோடு இது பொருந்துகிறது. 4-லிருந்து நடந்தாலோ 1-இல் நின்றுவிடுகிறோம். பூஜ்யத்தை அடையாத நடை, அட்டவணையில் பிழை இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். விடை உண்மையிலேயே குறைந்ததா என்று அறிய, சிறு தொகைகளுக்கு எல்லாச் சேர்க்கைகளையும் கையால் எழுதி ஒப்பிட வேண்டும்.