பெரிது சிறிது இல்லாத எண்களும் அவை அடைக்கும் வட்டங்களும்

5 பெரியதா, 3 பெரியதா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். 3 + 4i பெரியதா, 2i பெரியதா என்று கேட்டால் கணிதப் பேராசிரியருக்கும் பதில் கிடையாது. i என்பது தன்னோடு தானே பெருகினால் −1 தருகிற எண். அது பூச்சியத்தைவிடப் பெரியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மிகை எண்களைப் பெருக்கினால் மிகைதான் வரவேண்டும். அப்படியானால் −1 மிகை எண்ணாகிவிடும். சரி, பூச்சியத்தைவிடச் சிறியது என்று மாற்றிக்கொண்டாலும் தப்பிக்க முடியாது. இரண்டு குறை எண்களைப் பெருக்கினாலும் மிகைதானே வரும்! ஆகவே கலப்பெண்களுக்குள், கூட்டல் பெருக்கல் விதிகளுக்கு ஒத்துவருகிற வரிசை எதுவும் இல்லை.

அப்படியிருந்தும் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குகளில் கலப்பெண்களோடு ≤, ≥ குறிகள் தாராளமாக வருகின்றன. கூர்ந்து பார்த்தால் அந்தக் குறிக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு செங்குத்துக் கோடுகள் இருக்கும். |z| என்று எழுதுவது z-இன் மட்டு. x + iy என்ற எண்ணைத் தளத்தில் (x, y) என்ற புள்ளியாக வைத்தால், ஆதிப்புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரமே மட்டு. தூரம் என்பது சாதாரண எண். அதை இன்னொரு தூரத்தோடு ஒப்பிடலாம். கலப்பெண்களை இப்படித் தளத்தில் பதித்துக் காட்டிய முதல் கட்டுரையை 1797-இல் டென்மார்க் அறிவியல் கழகத்தில் அளித்தவர் காஸ்பர் வெஸல். அவர் தொழிலால் நில அளவையாளர் என்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. 1806-இல் இதே யோசனையைத் தனியே வெளியிட்ட ஆர்கனின் பெயரில்தான் இன்று அந்தத் தளம் வழங்குகிறது.

|z − a| என்பது z-க்கும் a-க்கும் இடையிலுள்ள தூரம். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் |z − a| ≤ r என்பதைப் படிப்பதில் சிரமமே இல்லை. a என்ற இடத்தில் முளை அடித்து, r நீளக் கயிற்றில் ஒரு மாட்டைக் கட்டியிருக்கிறோம். அது மேயக்கூடிய இடம் முழுவதும் சேர்ந்தது ஒரு வட்டத்தட்டு. = என்று இருந்தால் கயிறு விறைத்து நிற்கும் விளிம்பு மட்டும்; < என்று இருந்தால் விளிம்பு நீங்கிய உட்புறம்; ≥ என்றால் விளிம்பும் அதற்கு வெளியே உள்ள எல்லாமும். குறியில்தான் எத்தனையோ பேர் வழுக்குகிறார்கள்: |z + 2| என்று கண்டால் மையம் 2 என்று எழுதிவிடுவார்கள். அது |z − (−2)|, மையம் −2.

இப்போது தேர்வுகளில் அடிக்கடி வரும் வகைக் கணக்கு ஒன்று: |z − (3 + 4i)| ≤ 2 எனில், |z|-இன் மிகப்பெரிய, மிகச்சிறிய மதிப்புகள் என்ன? x, y என்று பிரித்து வர்க்கப்படுத்தத் தொடங்கினால் ஒரு பக்கம் நிரம்பும். தூரமாகப் பார்த்தால் இரண்டு வரி போதும். மையம் ஆதியிலிருந்து 5 அலகு தள்ளி இருக்கிறது, ஆரம் 2. ஒரு முக்கோணத்தின் இரு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவது பக்கத்துக்குக் குறையாது என்ற முக்கோணச் சமனிலிப்படி, |z| எப்போதும் 5 + 2 = 7-ஐத் தாண்டாது; 5 − 2 = 3-க்குக் கீழே போகாது.

இத்தோடு நிறுத்திவிடுவது அரைகுறை வேலை. ஏழைத் தாண்டாது என்று சொன்னதால் ஏழை எட்டிவிடும் என்று ஆகிவிடாது. எட்டுகிற புள்ளியைக் காட்ட வேண்டும். ஆதியையும் மையத்தையும் இணைக்கும் கோட்டை நீட்டினால் அது விளிம்பை 4.2 + 5.6i என்ற இடத்தில் வெட்டுகிறது. அதன் மட்டு சரியாக 7. ஆதிக்குப் பக்கத்தில் 1.8 + 2.4i என்ற இடத்தில் வெட்டுகிறது, மட்டு 3. விடை இப்போதுதான் முழுமை.

மையத்தின் மட்டோடு ஆரத்தைக் கூட்டு, கழி என்று இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்களை அடுத்த கணக்கு கவிழ்த்துவிடும்: |z − 1| ≤ 2. கழித்தால் 1 − 2 = −1. தூரம் குறை எண்ணாக இருக்காதே என்று யோசித்து, குறியை நீக்கிவிட்டு மிகச்சிறிய மதிப்பு 1 என்று எழுதுவார்கள். ஆனால் z = 0 என்று போட்டுப் பாருங்கள். |0 − 1| = 1, அது இரண்டுக்குள் அடங்குகிறது. ஆதிப்புள்ளியே மேய்ச்சல் நிலத்துக்குள் இருக்கிறது. ஆகவே மிகச்சிறிய மதிப்பு 0. கணக்கில் ≤ இல்லாமல் = இருந்திருந்தால், விளிம்பில் மட்டுமே நிற்கமுடியும்; அப்போது z = −1 என்ற புள்ளியில் கிடைக்கும் 1 சரியான விடை. கழிப்பதற்கு முன் ஆதிப்புள்ளி உள்ளேயா வெளியேயா என்று ஒருமுறை சோதித்தால் இந்தப் பிழை நேராது.

இதுவரை மையமும் ஆரமும் சமனிலியிலேயே வெளிப்படையாக எழுதியிருந்தன. எனக்குப் பிடித்தது அவை மறைந்திருக்கும் வகை: |z| ≥ 2|z − 3|. இங்கே இரண்டு இடங்களிலிருந்து அளக்கிறோம். 0-இலிருந்து உள்ள தூரம், 3-இலிருந்து உள்ள தூரத்தைப் போல இருமடங்காவது இருக்கவேண்டும். இந்தப் பகுதியின் வடிவம் பார்த்தவுடனே தெரிவதில்லை. இரு பக்கமும் மிகை அல்லது பூச்சியம் என்பதால் தயங்காமல் வர்க்கப்படுத்தலாம்.

x² + y² ≥ 4[(x − 3)² + y²]

விரித்து, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து 3-ஆல் வகுத்தால் x² + y² − 8x + 12 ≤ 0. வர்க்கத்தைப் பூர்த்தி செய்தால் (x − 4)² + y² ≤ 4. அதாவது |z − 4| ≤ 2. மறுபடியும் வட்டத்தட்டுதான்! அதன் விளிம்புக்குக் கிரேக்க வடிவியலாளர் அப்பல்லோனியஸின் பெயர் வழங்குகிறது. கவனிக்க வேண்டியது மையத்தை. சமனிலியில் தெரிந்த எண் 3, மையமோ 4. தூரத்தின் விகிதத்தைக் கேட்கும்போது, பக்கத்தில் இருக்கும் புள்ளி வட்டத்துக்குள் இருக்கும், ஆனால் மையமாக இருக்காது. சரிபார்க்க அச்சில் உள்ள இரு முனைகள் போதும்: 2 என்ற புள்ளியிலிருந்து தூரங்கள் 2-உம் 1-உம், 6 என்ற புள்ளியிலிருந்து 6-உம் 3-உம்.

அந்த 2-ஐ மட்டும் மெல்ல மாற்றிப் பார்ப்போம். 3 ஆக்கினால் தட்டு சுருங்குகிறது, மையம் 3.375, ஆரம் 1.125. நேர்மாறாக 1.1 ஆகக் குறைத்தால் மையம் ஏறக்குறைய 17.3-க்கு ஓடுகிறது, ஆரம் 15.7 ஆக ஊதுகிறது. ஆனால் இடது முனை மட்டும் 1.57 என்ற இடத்தில், அதிகம் நகராமல் நிற்கிறது. சரியாக 1 ஆனவுடன் வர்க்கங்கள் இரு பக்கமும் அடிபட்டுப்போகின்றன. மிஞ்சுவது x ≥ 1.5. வட்டம் நேர்கோடாக நிமிர்ந்து, தட்டு அரைத்தளமாகிவிட்டது. இன்னும் கீழே இறங்கி 1/2 என்று வைத்தால் கிடைப்பது |z + 1| ≥ 2. கோடு எதிர்ப்பக்கமாக வளைந்து ஆதிப்புள்ளியைச் சுற்றிக்கொண்டது. நமக்கு உரியது இப்போது அந்த வட்டத்தின் வெளிப்புறம்.

உள்ளா வெளியா என்று குழம்புகிறவர்களுக்கு இந்த வகையில் ஒரு வசதி உண்டு. விகிதம் எந்த மிகை எண்ணாக இருந்தாலும் z = 3 என்று போட்டால் வலப்பக்கம் பூச்சியமாகிறது, சமனிலி பொருந்துகிறது. z = 0 என்று போட்டால் இடப்பக்கம் பூச்சியம், பொருந்துவதில்லை. ஆகவே படத்தில் எந்தப் பக்கத்தை நிழலிட்டாலும் 3 அதற்குள் இருக்க வேண்டும், 0 வெளியே இருக்க வேண்டும்.